கட்டிலில் குறை இல்லை

அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கருவியால் நோயாளி இறந்துபோனால், அதை ஆஸ்பத்திரி 10 வேலை நாட்களுக்குள் அரசுக்கு எழுதித் தரவேண்டும். கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். இப்படி வரும் அறிக்கைகளை அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் பெயர்களை நீக்கிவிட்டு யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இதயமுடுக்கி, ஊசிப் பம்பு என்று எத்தனையோ கருவிகளுக்கு நடுவே, கருவி என்றே நம் மனதில் படாத ஒன்றும் அங்கே இருக்கிறது. அது ஆஸ்பத்திரிக் கட்டில். குறிப்பாக, நோயாளி விழாமல் இருப்பதற்காகக் கட்டிலின் இருபுறமும் தூக்கிவிடும் சைடு ரெயில்.

முதியவர் ஒருவர் அந்தக் கம்பியில் சிக்கிக்கொண்டதாக வரும் அறிக்கைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படும்: கட்டிலைச் சோதித்ததில் குறை எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காகவே இயங்கின. முதலில் படிக்கும்போது இது நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது போலத் தோன்றும். பெரும்பாலும் அது உண்மைதான் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

எப்படி என்று பார்க்க ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இது ஒரே ஆஸ்பத்திரியில் நடந்ததல்ல; இத்தகைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் விவரங்களைச் சேர்த்து, விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. அளவுகளும் அப்படியே.

84 வயதுப் பாட்டி. எடை 45 கிலோ இருக்கும். மறதி நோய் உண்டு. நிமோனியா காய்ச்சலுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். இரவு ஒன்றரை மணிக்கு நர்ஸ் வந்து பார்த்தபோது பாட்டி விழித்திருந்தார், போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். இரண்டே கால் மணிக்கு மறுபடி வந்தபோது, அவருடைய இடுப்பும் கால்களும் மெத்தைக்கும் வலப்பக்கக் கம்பிக்கும் நடுவே இறங்கியிருந்தன. மார்பு கம்பியில் அழுந்தியிருந்தது. முகம் மெத்தையின் ஓரத்தில் புதைந்திருந்தது. கூப்பிடக் குரல் வரவில்லை. நர்ஸ் கம்பியை இறக்கிவிட்டு, இன்னொருவர் துணையோடு பாட்டியைத் தூக்கிப் படுக்கவைத்தார். விலாவில் சிராய்ப்பு, மூச்சு இரைப்பு, உயிர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பயோமெடிக்கல் டெக்னீஷியன் வந்தார். கம்பியைத் தூக்கினார், கொக்கி சரியாக மாட்டியது. குலுக்கினார், ஆட்டம் இல்லை. தலைமாடும் கால்மாடும் பொத்தானை அழுத்தியதும் ஏறி இறங்கின. சக்கரப் பிரேக் பிடித்தது. அழைப்பு மணி அடித்தது. கட்டிலின் மாடல் எண், தொடர் எண், கடைசியாகப் பராமரித்த தேதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, குறை இல்லை என்று கையெழுத்திட்டார்.

அவர் பொய் எழுதவில்லை. ஆனால் அவர் பார்த்தது இரவில் இருந்த கட்டிலை அல்ல. கம்பி இறங்கியிருந்தது, மெத்தை நடுவில் இழுத்துப் போடப்பட்டிருந்தது, விரிப்பும் புதிது. விபத்து நடந்ததும் மனிதர்கள் செய்யும் முதல் காரியம் நோயாளியை மீட்பது, அடுத்த காரியம் படுக்கையைச் சரிசெய்வது. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் இரண்டாவதைச் செய்யும்போது தடயம் அழிந்துவிடுகிறது.

நர்ஸின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: “நோயாளியைத் தூக்கும்போது மெத்தை முழுவதும் இடப்பக்கம் தள்ளியிருந்தது. வலப்பக்கம் என் முழங்கை வரை உள்ளே போயிற்று.” அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் டெக்னீஷியன் அளவுநாடாவோடு திரும்பி வந்தார்.

இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள அகலம் 97 செ.மீ. கட்டிலோடு வந்த மெத்தையின் அகலம் 90 செ.மீ. மிச்சம் 7. மெத்தை ஒரே பக்கமாக ஒதுங்கினாலும் மறுபக்கம் 7 செ.மீ. இடைவெளிதான் வரும். ஆனால் இந்த அறையில் கிடந்தது பழைய மெத்தை கிழிந்த பிறகு வாங்கிப் போட்ட வேறொன்று, அகலம் 84 செ.மீ. நடுவில் ஒழுங்காகக் கிடக்கும்போது இருபுறமும் ஆறரை செ.மீ. சந்து, யார் கண்ணையும் உறுத்தாது. ஒருபக்கமாக நகர்ந்தால் அந்த இரண்டு சந்தும் ஒன்றுசேர்ந்து 13 செ.மீ. ஆகிவிடும். நகராமல் பிடித்துக்கொள்ளும் மூலைப் பிடிகளோ புது மெத்தைக்குப் பொருந்தவில்லை.

13 செ.மீ. என்பது ஒரு சாண் கூட இல்லை. அதில் ஒரு மனித உடல் போகுமா என்று கேட்கத் தோன்றும். 2006 மார்ச்சில் உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட கட்டில் அளவு வழிகாட்டி இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. கட்டிலில் ஆள் சிக்கக்கூடிய இடங்களை அது ஏழாகப் பிரித்தது. கம்பியின் சட்டங்களுக்கு நடுவே ஓர் இடம், கம்பிக்கு அடியில் ஓர் இடம், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே ஓர் இடம் என்று போகும் அந்தப் பட்டியலில், பாட்டி சிக்கியது மூன்றாவது இடம். முதல் மூன்று இடங்களிலும் இடைவெளி 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது பரிந்துரை. சிறிய உடல்வாகு கொண்ட பெண்ணின் தலையின் குறுக்களவை வைத்து வந்த எண் அது. தலை நுழையாவிட்டால் கழுத்து சிக்காது என்பது கணக்கு. கம்பியின் முனைக்கு அடியில், கழுத்து மட்டும் செருகிக்கொள்ளக்கூடிய நான்காவது இடத்துக்கு அளவு இன்னும் கடுமை: 60 மில்லிமீட்டர்.

அளவுநாடா மட்டும் போதாது. மெத்தை மரப்பலகை அல்ல, அழுந்தும். அதனால் சோதனைக்கென்று ஒரு கூம்பு இருக்கிறது. பெரிய முனை 120 மில்லிமீட்டர், ஒரு சின்னத் தலைக்குச் சமம். எடை 15 பவுண்டு, ஏறக்குறைய 6.8 கிலோ. மெத்தையை எதிர்ப்பக்கக் கம்பிவரை தள்ளிவிட்டு, கிடைத்த சந்தில் கூம்பைக் கிடத்திக் கையை எடுத்துவிட வேண்டும். கூம்பு தன் எடையால் மெத்தை ஓரத்தை அழுத்திக்கொண்டு இறங்கும். அதன் முகத்தில் நடுவே வரைந்திருக்கும் கோடு மெத்தையின் மேற்பரப்புக்கு மேலே நின்றால் கட்டில் தேறியது. அதற்குச் சமமாகவோ கீழாகவோ போனால் தேறவில்லை. தலையில் பாதி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் நம் கட்டிலுக்குத் தோல்விதான். கட்டிலில் குறை இல்லை, மெத்தையிலும் கிழிசல் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல, அவ்வளவுதான். வழிகாட்டியும் கட்டில், மெத்தை, கம்பி மூன்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகத்தான் பார்க்கச் சொல்கிறது.

கூம்பாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை. அது இவ்வளவு அழுந்தக்கூடியது என்பதாலேயே மோட்டார் வைத்த காற்று மெத்தைகளுக்கு இந்த அளவுகளில் பலவற்றிலிருந்து விலக்கு தரப்பட்டது. விலக்கு கிடைத்தது சோதனையிலிருந்துதான், ஆபத்திலிருந்து அல்ல. ஓரத்துக்கு உருண்டவரின் எடை அந்தப் பக்கத்துக் காற்றை மறுபக்கம் தள்ளிவிட, ஓரம் சரிந்து அவரைத் தானே கம்பிப் பக்கம் இறக்கிவிடும். நம் ஊரில் வீட்டில் வைத்துப் பார்க்கும் முதியவர்களுக்காகக் கட்டிலை ஓரிடத்திலும் ‘ஏர் பெட்’டை இன்னோரிடத்திலும் வாடகைக்கு எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி நர்ஸின் குறிப்புக்குத் திரும்புவோம். “போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார்” என்று ஒன்றரை மணிக்கு எழுதியதில்தான் விபத்தின் மறுபாதி இருக்கிறது. அசையவே முடியாதவர் பொதுவாகச் சிக்குவதில்லை. நன்றாக நடமாடுபவர் சிக்கினாலும் விடுவித்துக்கொள்வார். நகர வலு இருந்து, மீள வலு இல்லாதவர்தான் மாட்டிக்கொள்கிறார்: மெலிந்த உடம்பு, குழம்பிய மனம், ஏதோ ஓர் அவசரம். அந்த அவசரம் வலியாக இருக்கலாம், மூச்சுத் திணறலாக இருக்கலாம், பெரும்பாலான இரவுகளில் அது சிறுநீர்தான். பாட்டியை மீட்டபோது உள்ளாடை நனைந்திருந்ததையும் நர்ஸ் எழுதியிருந்தார். பாட்டி எழுந்து போக நினைத்திருக்கிறார். கம்பி வழியை மறித்திருக்கிறது. கம்பி எதற்கு என்று புரியாத மனம் அதைச் சுற்றி ஒரு வழி தேடியிருக்கிறது.

கம்பி இல்லாவிட்டால் விழுந்திருப்பாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குழப்பத்தில் இருப்பவர் கம்பியின் மேலேறித் தாண்டப் பார்த்தால், கட்டிலின் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்து விழுவார். சிறுநீர் கழிக்கவேண்டும் என்று தவிப்பவரைக் கம்பி எழவிடாமல் செய்யும், தவிப்பைத் தீர்க்காது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது அன்றாடம் எல்லா வார்டிலும் நடப்பதில்லை. 1995-இல் உணவு மருந்து நிர்வாகம் முதல் எச்சரிக்கையை வெளியிட்டபோது, 1990 முதல் வந்திருந்த அறிக்கைகள் 102. அவற்றில் 68 பேர் இறந்திருந்தார்கள். 1985 தொடக்கத்திலிருந்து 2009 தொடக்கம் வரை வந்தவை 803, இறந்தவர்கள் 480. அந்த நாட்டில் இருக்கும் கட்டில்களோடு ஒப்பிட்டால் சிறிய எண். ஆனால் சிக்கியதாக அறிவிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. 803 பேரில் 185 பேர் காயமே இல்லாமல் தப்பினார்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் நேரத்தில் வந்து தூக்கிவிட்டதால்.

இந்தப் பாட்டியின் விஷயத்தில் அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. ‘குறை இல்லை’ என்ற வாக்கியம் அப்படியே இருந்தது, அதன் கீழே மெத்தையின் அகலம், மூலைப் பிடி பொருந்தாதது, கூம்புச் சோதனையின் முடிவு, எந்தெந்தக் கம்பிகள் தூக்கியிருந்தன, தலைமாடு எவ்வளவு உயர்ந்திருந்தது, மெத்தை எந்தப் பக்கம் நகர்ந்திருந்தது ஆகியவை சேர்ந்தன. கடைசி மூன்றும் நர்ஸ் நினைவிலிருந்து சொன்னவை. அடுத்த முறை நோயாளியை மீட்ட கையோடு, எதையும் சரிசெய்யும் முன் படுக்கையை ஒரு படம் எடுத்துவிட்டு, கட்டிலை அறையோடு பூட்டிவைப்பது என்று வார்டில் முடிவானது. அதே மாதிரி மெத்தை போட்ட மற்றக் கட்டில்களைத் தேடிப் பிடித்தார்கள்.

பாட்டியை, தரையோடு தாழ்த்தக்கூடிய கட்டிலுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் தரையில் ஒரு தடித்த விரிப்பு. கம்பிகள் இறக்கியே இருந்தன. இரவு பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் வந்து, அவர் கேட்பதற்கு முன்பே கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப் போனார்கள்.