ஊசி காட்டும் வடதிசை

காந்தம் இரும்பை இழுக்கும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால், காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு பொருளையும் காந்தம் என்றே கூறிவிடலாமா? கூறலாகாது. இவ்வேறுபாட்டை உணராமல் ஊசியைக் கொண்டு திசைகாட்டி செய்ய முற்படுவோர் எளிதில் ஏமாந்துபோவர். ஆகவே, நேயர்களே, முதலில் காந்தத்தின் துருவங்களை அறிந்துகொண்டு, பின்னர் ஊசியிடம் வருவோம்.

சட்டக் காந்தம் ஒன்றை முறுக்கில்லாத நூலால் நடுவில் கட்டித் தொங்கவிடுவோம். அருகில் இரும்புப் பெட்டியோ கட்டிலோ இருத்தல் கூடாது. சற்று நேரம் ஆடிய பின் காந்தம் வடக்குத் தெற்காக நிற்கும். திருப்பிவிட்டாலும் அதே நிலைக்கு மீளும். காலைக் கதிரவனை நோக்கி நின்றால் நமது இடக்கைப் புறம் ஏறக்குறைய வடக்கு. அத்திசையை நோக்கும் முனையே வடதுருவம், மற்றது தென்துருவம். வடதுருவத்தின்மீது ஒரு குறி இட்டுக்கொள்வோம். இதேபோல் குறியிட்ட இரண்டாவது காந்தத்தை அருகே கொணர்ந்தால், வடதுருவம் வடதுருவத்தைத் தள்ளும், தென்துருவத்தை இழுக்கும். ஒத்த துருவங்கள் விலக்கும். மாறான துருவங்கள் ஈர்க்கும் என்பது விதி.

இனி, வீட்டுப் பொருள்களைச் சோதிப்போம். ஆணியும் குண்டூசியும் காந்தத்தில் ஒட்டும். செம்புக் குடம், பித்தளை விளக்கு, அலுமினியப் பாத்திரம், மரம், கண்ணாடி ஆகியவை ஒட்டா. உலோகங்கள் யாவும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை என்பது இதனால் விளங்கும். இரும்பையன்றி நிக்கலும் கோபால்ட்டும் நன்கு இழுக்கப்படும். எவர்சில்வர் பாத்திரங்களோ நம்மைத் திகைக்கச் செய்யும். சில ஒட்டும், சில ஒட்டா. இரும்போடு குரோமியமும் போதிய நிக்கலும் சேர்ந்த எவர்சில்வர் பொதுவாக ஒட்டுவதில்லை. இரும்பும் நிக்கலும் தனித்தனியே ஒட்டுவனவாயினும், உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறுவதால், அக்கலவை ஒட்டாமற் போகிறது.

இப்போது, எஃகினால் ஆன தையல் ஊசி ஒன்றை மேசைமேல் வைத்து, காதுப் பக்கத்தை விரலால் அழுத்திக்கொள்வோம். காந்தத்தின் வடதுருவத்தைக் காதில் வைத்து, கூர்முனை வரை ஒரே போக்காகத் தேய்ப்போம். முனையை அடைந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, மீண்டும் காதுக்கே கொண்டுவருதல் வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், ஒரு தேய்ப்பின் பயனை மறு தேய்ப்பு கெடுத்துவிடும். முப்பது முறை இவ்வாறு செய்தால் போதும். தேய்ப்பு முடியும் இடத்தில், தேய்த்த துருவத்திற்கு மாறான துருவம் தோன்றும். எனவே, நமது ஊசியின் கூர்முனை தென்துருவமாகவும் காது வடதுருவமாகவும் ஆகியிருக்கும்.

பீங்கான் கிண்ணம் ஒன்றில் விளிம்பு ததும்ப நீர் நிரப்பி, மெல்லிய தக்கைத் துண்டின்மேல் ஊசியைப் படுக்கவைத்து மிதக்கவிடுவோம். நீர் குறைவாயிருந்தால் தக்கை ஓரத்திற்குச் சென்று ஒட்டிக்கொள்ளும். ததும்ப நின்றால் நடுவிலேயே மிதக்கும். ஊசி மெல்லத் திரும்பி, அதன் காது வடக்கை நோக்கி நிற்கும்.

ஊசி உண்மையிலேயே காந்தமாயிற்றா என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயம் பயன்படுகிறது. தேய்த்த ஊசி ஒன்றையும் தேய்க்காத ஊசி ஒன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் மிதக்கவிட்டு, காந்தத்தின் வடதுருவத்தைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுசெல்வோம். தேய்க்காத ஊசியின் காதும் கூர்முனையும் இரண்டுமே இழுக்கப்படும். தேய்த்த ஊசியிலோ கூர்முனை இழுக்கப்படும். காது விலகி ஓடும். ஆதலால், ஈர்ப்பு காந்தத்திற்குச் சான்றாகாது. விலக்கமே உறுதியான சான்று. இச்சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு. வலிய காந்தத்தை ஊசிக்கு மிக அருகில் கொண்டுசென்றால், ஊசியின் துருவங்களே இடம் மாறிவிடக்கூடும். எனவே, ஒரு சாண் தொலைவிலிருந்து தொடங்கி, ஊசி அசையத் தொடங்கியதும் நிறுத்திவிடுதல் நன்று.

சோதனை முடிந்ததும் காந்தத்தை அப்பால் வைத்துவிட்டு, தக்கையைக் கிழக்கு மேற்காகத் திருப்பிவிடுவோம். ஊசி மீண்டும் வடக்கை நாடினால் திசைகாட்டி சரியாக அமைந்துள்ளது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு திசையில் நின்றால், ஊசி போதிய அளவு காந்தமாகவில்லை. மறுபடியும் தேய்க்க வேண்டும். எப்போதும் ஒரே தவறான திசையில் நின்றால், குறை ஊசியினுடையதன்று. அருகில் இரும்பு இருக்கிறது. கிண்ணத்தை வேறிடத்திற்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் முற்றிலும் ஒன்றல்ல என்றாலும், நம் நாட்டின் பெரும்பகுதியில் அவ்வேறுபாடு மிகச் சிறியதே; இக்கிண்ணத்துத் திசைகாட்டியில் அது கண்ணுக்குப் புலப்படாது.