எந்தத் தாளை யார் கேட்பார்கள்?

வீட்டுக் காகிதங்களை அடுக்க உட்காரும்போது பலரும் ஆண்டுவாரியாகவோ, தாளின் பெயரைப் பார்த்தோ பிரிக்கிறார்கள். இந்தத் தாளை நாளைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்துப் பிரிப்பதுதான் சரி. காப்பீட்டு நிறுவனம், வருமான வரித் துறை, மருத்துவர், சர்வீஸ் சென்டர் என்று நான்கு பேர். ஆளுக்கொரு ஃபைல் போதும்.

இவற்றில் அதிகம் தகராறு வருவது மருத்துவக் காப்பீட்டில். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 62 வயது, சில ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சு வலி என்று இரவில் அட்மிட் செய்கிறார்கள். பணமில்லாச் சிகிச்சைக்கு விண்ணப்பம் போனதும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி, "ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து இருக்கிறது?" அதற்குப் பதில், மாத்திரை முதன்முதலாக எழுதப்பட்ட மருந்துச் சீட்டில் இருக்கிறது. அடுத்த கேள்வி, பாலிசி எந்தத் தேதியில் தொடங்கியது என்பது. 2024இல் வந்த விதிகளின்படி, ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பாலிசி ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது.

அந்த ஐந்து ஆண்டுகளை எதைக் காட்டி நிரூபிப்பது? நம்மில் பலர் புதிய பாலிசி வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். இடையில் நிறுவனம் மாறியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். ஆகவே காப்பீட்டு ஃபைலின் அடியில் முதல் ஆண்டுப் பாலிசியும், அன்று பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பப் படிவத்தின் நகலும் இருக்க வேண்டும். அதன் மேல் ஒவ்வோர் ஆண்டின் புதுப்பிப்பும் வரிசையாக வரட்டும்.

மருத்துவ ஃபைலை ஆளுக்கு ஒன்றாக வையுங்கள். புதிய ரிப்போர்ட் மேலே இருக்கட்டும். முதல் பக்கத்தில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். அவசரத்தில் டாக்டர் கேட்பது இவைதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அட்மிட் ஆவதற்கு முன் எடுத்த ஸ்கேன், டிஸ்சார்ஜுக்குப் பின் வாங்கிய மருந்து ஆகியவற்றின் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் குறிப்பிட்ட நாட்களுக்குத் தருகின்றன. எத்தனை நாள் என்று உங்கள் பாலிசியைப் பாருங்கள். ஆனால் அதற்கு அசல் பில்லைக் கேட்பார்கள். அனுப்பிவிட்டால் அது நம் கைக்குத் திரும்புவது அரிது. எனவே பில், அதற்குரிய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து மருத்துவ ஃபைலில் வைத்துவிட்டு, அசலை அனுப்புங்கள். சீட்டு இல்லாத மருந்து பில்லுக்குப் பணம் கிடைப்பது கடினம். இரண்டையும் வாங்கிய அன்றே சேர்த்துப் பின் அடித்துவிடுவது நல்லது.

பிரீமியம் ரசீதை இருவர் கேட்பார்கள். அசல் காப்பீட்டு ஃபைலுக்கு, நகல் வரி ஃபைலுக்கு. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் இந்தக் கழிவு உண்டு. அதுவும் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. வருமான வரிப் படிவத்தோடு எந்த ஆதாரத்தையும் இணைப்பதில்லை. ஆதாரமெல்லாம் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும், நோட்டீஸ் வந்தால் காட்ட. நிதியாண்டுக்கு ஓர் உறை போட்டு, எட்டு ஆண்டு கழிந்ததை அப்புறப்படுத்தலாம். வீடு, மனை வாங்கிய செலவுக்கும், வீட்டைக் கூட்டிக் கட்டிய செலவுக்கும் உள்ள பில்களை மட்டும் தொடாதீர்கள். விற்கும்போது லாபத்தைக் கணக்கிட அவை வேண்டும்.

கடைசியாக வாரன்டி. கடையில் தரும் வழவழப்பான பில் வெப்பத்தாளில் அச்சானது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலோ, வெயில் படும் அலமாரியில் கிடந்தாலோ எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். ஃபிரிட்ஜுக்கு ஒரு வருடம்தான் வாரன்டி என்றாலும் கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் தருபவர்கள் உண்டு. ஆறாம் வருடம் கம்ப்ரஸர் நின்றால், வாங்கிய தேதி தெரியாத பில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் சீரியல் எண்ணை எழுதி, வாரன்டி கார்டில் கடையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நான்கு ஃபைல்களும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆண்டுப் பாலிசி கைவசம் இல்லையா? நோய் வந்த பிறகு தேட வேண்டாம். இந்த வாரமே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி நகல் வாங்கிவிடுங்கள்.