வாய், கை, வார்த்தை, வண்டி

பெயரிலேயே ஒரு தாமதம்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒருவருக்கு மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டுவிட்டால், அதை வீட்டார் "கை கால் விழுந்துவிட்டது" என்றும், "வாய் இழுத்துக்கொண்டது" என்றும், வயது முதிர்ந்தவர்கள் "காற்று அடித்துவிட்டது" என்றும் சொல்வார்களேயன்றி, பக்கவாதம் என்ற சொல்லைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் பிரயோகிக்கிறார்கள். அச்சொல் உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுக் கிடக்கும் முடிந்த நிலையைக் குறிப்பதாதலால், "பக்கவாதம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்" என்று சுவரில் எழுதி வைப்பது, கை முற்றிலும் விழும்வரை பார்த்திருக்கலாம் என்று அனுமதி கொடுப்பதைப் போலவே ஆகிவிடுகிறது. நெஞ்சுவலி விஷயத்தில் "அடைப்பு" என்ற சொல்லை நம் ஜனங்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அதே சொல்லைக் கொண்டு "மூளையில் ரத்த அடைப்பு" என்று சொன்னால், அவசரம் என்ற பொருள் தானாகவே வந்து சேர்கிறது. சிலருக்கு அடைப்பு அல்ல, ரத்தக் கசிவு என்பது வாஸ்தவமே. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஸ்கேனால்தான் முடியுமே தவிர வீட்டுத் திண்ணையில் முடியாது என்பதால், வீட்டுக்கான எச்சரிக்கைச் செய்தியில் அந்தப் பேதம் தேவையில்லை.

ஆங்கில எழுத்தும் தமிழ் மோனையும்

முகம், கை, பேச்சு, நேரம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, 1990-களின் இறுதியில் இங்கிலாந்தில் 'ஃபாஸ்ட்' என்றொரு ஞாபகச் சொல்லை உருவாக்கினார்கள். வேகம் என்று பொருள்படுவதால் அது அவர்களுக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. அதை அப்படியே மொழிபெயர்க்கப் புகுந்தால் 'மு, கை, பே, நே' என்ற அர்த்தமற்ற ஓசைதான் மிஞ்சுகிறது. எழுத்தைக் கோத்து நினைவில் வைப்பது நம் வழக்கமன்று. மோனையில் கட்டி வைப்பதே நம் வழக்கம். ஆகவே "வாய், கை, வார்த்தை, வண்டி" என்று சொல்லிப் பார்த்தேன். வாய் கோணியதா, கை தாழ்ந்ததா, வார்த்தை குழறியதா, இவற்றில் ஒன்று திடீரென்று நேர்ந்தாலும் வண்டியைக் கூப்பிடு என்பது அதன் விரிவு. நான்காவது சொல்லை 'நேரம்' என்று வைக்காததற்குக் காரணம், நேரம் என்பது ஒரு கருத்து, வண்டி என்பது ஒரு காரியம் என்பதுதான்.

இதில் "திடீரென்று" என்ற சொல்லை மட்டும் இடத்தை மிச்சப்படுத்த வேண்டி யாரும் வெட்டிவிடக் கூடாது. சர்க்கரை நோயால் பல வருஷங்களாகப் பாதம் மரத்துப்போனவரும், பல் விழுந்து பேச்சு தெளிவில்லாத பாட்டியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். நேற்று இல்லாதது இன்று, அதுவும் ஒரு பக்கமாக வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

கையேந்தும் சோதனை

"சிரித்துக் காட்டுங்கள்" என்ற வாக்கியம் மேனாட்டுத் துண்டுப் பிரசுரங்களிலிருந்து வருவது. உடம்பு சரியில்லாத ஒரு மாமியாரிடம் மருமகள் போய்ச் சிரிக்கச் சொல்வது நம் வீடுகளில் நடக்கக்கூடியதன்று. "ஈ என்று பல்லைக் காட்டுங்க அத்தை" என்றால் நடக்கும்; ஒரு பக்கத்து உதடு ஏறாமல் நின்றுவிடுவது அப்போதே தெரியும். கையைச் சோதிக்க, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லிப் பத்து எண்ண வேண்டும். வலுவிழந்த கை, நோயாளி அறியாமலே உட்புறம் திரும்பிக் கீழே இறங்கும். இதைச் செய்தியில் "பிரசாதம் வாங்குவதுபோல் இரு கையையும் ஏந்தச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கையேந்துதல் எல்லா மதத்தாருக்கும் பொதுவாதலால், சந்நிதித் தெருவில் இருப்பவருக்கும் பள்ளிவாசல் தெருவில் இருப்பவருக்கும் அது ஒன்றுபோல் விளங்கும். பேச்சைச் சோதிக்கப் பழகிய பெயரையோ ஸ்தோத்திரத்தையோ சொல்லச் சொல்வதில் ஓர் அபாயம் உண்டு: மனப்பாடமானது தப்பிப் பிழைத்து நாவில் வந்துவிடும். "இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம்?" என்று கேட்டால், கேள்வி புரிகிறதா, சொல் கிடைக்கிறதா, நாக்கு புரள்கிறதா என்ற மூன்றும் ஒருசேர வெளிப்படும்.

இவை சிறிது நேரத்தில் தாமாகவே சரியாகிவிட்டாலும் புறப்பட்டே ஆக வேண்டும். அத்தகைய தற்காலிகத் தாக்குதலுக்குப் பின் அடுத்த சில தினங்களுக்குள் பெரிய தாக்குதல் வரக்கூடும்.

நாலரை மணி என்று ஏன் எழுதக் கூடாது

அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாக்குதல் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது வைத்திய விதி. முதலில் மூன்று மணியாக இருந்த அந்த எல்லை, 2008-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சிக்குப் பிறகு நாலரையாக நீண்டது. இந்த எண்ணை வீட்டுச் செய்தியில் எழுதலாகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். எழுதினால், "இன்னும் நேரமிருக்கிறது, பெரியவன் வரட்டும்" என்று கழித்துப் பார்ப்பார்கள்.

செங்கம் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். காலை 5.40-க்குப் பால் வாங்கிய அம்மாள் பால்காரரிடம் நன்றாகப் பேசினாள், 6.10-க்கு வாசலில் கோலப்பொடி கையிலிருந்து நழுவிக் கொட்ட, வாய் ஒரு பக்கம் கோணியபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள். அது பித்தம் என்றார் ஒருவர். புறா ரத்தம் தடவச் சொன்னார் மற்றொருவர். எண்ணெய் தேய்த்துக் காப்பி கொடுத்துப் பார்த்ததில் 8 மணி ஆயிற்று. பக்கத்து ஊர்க் கிளினிக்கில் ஸ்கேன் கிடையாது. அங்கிருந்து வாடகைக் காரில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையும்போது 9.45. சர்க்கரை பார்த்து, ஸ்கேன் எடுத்து முடிக்க அரை மணி. கணக்கு அவள் வாய் கோணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த 6.10-லிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த 5.40-லிருந்து என்பதால், எல்லை 10.10-க்கே முடிந்துவிட்டது. 6.15-க்கே 108-ஐ அழைத்திருந்தால், வண்டி வர இருபது நிமிஷம், வழியில் முக்கால் மணி என்று கொண்டாலும், 8 மணிக்கு முன்பே ஊசிக்குத் தகுதியுண்டா என்று டாக்டர்கள் தீர்மானித்திருக்கலாம். தகுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ரத்தக் கசிவானால் அந்த ஊசியே விஷம். எல்லை கடந்தவர்களிலும் சிலருக்குப் பெரிய மையங்களில் கட்டியைக் குழாய் வழியாக எடுக்க இயலும் என்பதால், நேரமாகிவிட்டது என்று வீட்டிலேயே நின்றுவிடுவதும் தவறு.

அந்தக் காப்பிக்கும் செய்தியில் ஒரு வரி வேண்டும்: "வாயில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்." விழுங்கும் சக்தி குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும், ஆஸ்பிரின் கசிவைப் பெருக்கும், நாக்கடியில் வைக்கும் ரத்த அழுத்த மாத்திரை, தவிக்கும் மூளைக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும்.

கிரிவலப் பாதையில்

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடப்பவர் தள்ளாடினால், நடந்த களைப்பு என்று உடன் வருபவர்கள் நினைப்பது இயல்பே. களைப்பு இரண்டு கால்களையும் சோர்வடையச் செய்யுமேயன்றி ஒரு காலை மட்டும் இழுக்காது. அங்கே வண்டியை அழைப்பவர் எந்தத் தெரு என்று தெரியாமல் திகைக்காதிருக்க, "எந்த லிங்கத்துக்கு அருகில் என்று சொல்லுங்கள்" என்ற வரியைச் சேர்க்கலாம். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களும் பாதை நெடுகப் பரவியிருக்கின்றன. நெரிசலில் உற்றாரைப் பிரிந்து ஒற்றையாக விழுந்தவருக்கு இந்தச் செய்தி பயன்படாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாள்காட்டித் தாள்

இச்செய்திகளை எங்கே ஒட்டுவது என்று யோசித்தபோது, கிழிக்கும் தினசரி நாள்காட்டியின் அட்டையே சிறந்த இடமாக எனக்குப் பட்டது. ராகு காலம் பார்க்க வீட்டிலுள்ளோர் தினமும் அதன் எதிரே நிற்கிறார்கள். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை இன்றைய தாளில் எழுதிக் கிழித்துக்கொண்டு புறப்படுங்கள்." அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், அப்போது கண்ணீரோடு நிற்கும் மகள் யோசித்துத் தடுமாறாமல், "5.40, பால் வாங்கினாங்க" என்றெழுதிய தாளை நீட்டினால் போதும்.