கேட் வாசல் சிலாப்: ஒரு மீட்டருக்கு எத்தனை கம்பி?

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் செப்டிக் டேங்க் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது, சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப் நடுவில் மடிந்து உள்ளே போனது. பின் சக்கரம் இரண்டடி ஆழத்தில் சிக்கிக்கொண்டது. ஆறு வருடமாக அதே சிலாப் மேல்தான் அந்த வீட்டுக் கார் தினமும் ஏறி இறங்கியது. உடைந்த துண்டைப் பார்த்தேன். ஐந்து அங்குல கனம். அதில் 8 எம்எம் கம்பி, அதுவும் மேற்பரப்பிலிருந்து ஒரு அங்குலத்தில் இருந்தது. அடிப்பக்கம் வெறும் கான்கிரீட்.

அந்த சிலாப் காருக்குப் போதுமானதாக இருந்தது, லாரிக்கு இல்லை. நடுத்தரக் காரின் மொத்த எடை ஒன்றரை டன் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 400 கிலோதான் வரும். லோடு ஏற்றிய தண்ணீர் லாரியின் பின் அச்சு ஒன்றில் மட்டும் பத்து டன் வரை இறங்கும். ஒரு பக்கத்து இரட்டை டயரில் 5 டன். வீடு என்று இருந்தால் தண்ணீர் லாரி, செங்கல் லோடு, கழிவுநீர் லாரி ஏதாவது ஒன்று ஒருநாள் வாசல் ஏறும். அதனால் 5 டன் சக்கரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இரண்டரை அடி அகல வாய்க்காலை எடுத்துக்கொள்வோம், அதாவது 75 செ.மீ. இரண்டு பக்கச் சுவரிலும் ஆறு அங்குலம் சிலாப் உட்கார வேண்டும். ஆக சிலாபின் நீளம் 1.05 மீட்டர். கனம் ஏழு அங்குலம், 175 எம்எம். வாசல் பத்தடியோ பன்னிரண்டு அடியோ, பொறியாளர் மொத்தத்தையும் ஒன்றாகக் கணக்குப் போடுவதில்லை. வாய்க்காலின் போக்கில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டியதாக நினைத்து, அதற்கு எவ்வளவு கம்பி என்று பார்ப்பார். பிறகு எத்தனை மீட்டரோ அத்தனை மடங்கு.

ஏன் ஒரு மீட்டர்? கணக்குக்கு வசதி என்பதோடு இங்கே இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. இரட்டை டயர் ஏறக்குறைய அரை மீட்டர் அகலத்தில் நிற்கிறது. சிலாப் ஒரே வார்ப்பாக இருந்தால், டயருக்கு இரண்டு பக்கமும் கால் மீட்டர் அளவுக்குக் கான்கிரீட் சேர்ந்து தோள்கொடுக்கும். ஆக இந்த அளவு வாய்க்காலில் ஒரு மீட்டர் பட்டை ஒரு சக்கரத்தைத் தாங்குகிறது.

இனி கணக்கு. சுவர்களுக்கு இடையில் சிலாப் வளையும் நீளம் 0.88 மீட்டர் என்று வருகிறது. மோசமான நிலை, சக்கரம் சரியாக நடுவில் நிற்பது. அப்போது வளைக்கும் விசை, எடையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தது: 5,000 × 0.88 ÷ 4 = 1,100. லாரி குலுங்கி ஏறுவதற்காகக் கால் பங்கு சேர்த்தால் 1,375. சிலாபின் சொந்த எடை சேர்ப்பது வெறும் 42. மொத்தம் 1,417. பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு ஆக்கினால் சுமார் 2,125.

சிலாப் வளையும்போது மேல்பக்கம் நசுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. நசுக்கலைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுவைக்கு அது லாயக்கில்லை, கம்பிதான் வேண்டும். நசுங்கும் பகுதிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி நம் சிலாபில் சுமார் 12 செ.மீ. 2,125-ஐ 0.12 ஆல் வகுத்தால் கம்பிகள் தாங்க வேண்டிய இழுவை 17,700 கிலோ. இன்று கடையில் கிடைக்கும் 500 ரகக் கம்பியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 44 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். தேவை சுமார் 400 சதுர மி.மீ. ஒரு 12 எம்எம் கம்பியின் குறுக்குப் பரப்பு 113. நான்கு கம்பி போதும். நான் ஐந்து போடச் சொல்வேன், எட்டு அங்குலத்துக்கு ஒன்று. சாக்கடை மேல் இருக்கும் இரும்பு துருவில் கொஞ்சம் இழக்கத்தான் செய்யும். சக்கரம் சுவர் ஓரத்தில் நிற்கும்போது சிலாப் கத்தரித்துக்கொண்டு போகாமல் இருக்கவும் இந்த ஐந்தாவது கம்பி உதவும். ஐந்து அங்குல சிலாபில் என்ன கம்பி போட்டாலும் அந்தக் கத்தரிப்புக்குக் கனம் போதாது. ஏழு அங்குலம் கேட்பது அதனால்தான்.

இந்த ஐந்து கம்பியும் வாய்க்காலுக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு, வண்டி போகும் திசையில் கிடக்க வேண்டும். நீளமான சிலாப் என்றதும் தடித்த கம்பியை வாய்க்காலின் போக்கில் போட்டுவிடுகிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திசைக்கு 8 எம்எம் கம்பி எட்டு அங்குலத்துக்கு ஒன்று போதும். சிலாபின் இரண்டு முனை ஓரங்களிலும் மட்டும் கூடுதலாக இரண்டிரண்டு 12 எம்எம் கம்பி குறுக்கே வேண்டும். அங்கே சக்கரம் ஏறினால் தோள்கொடுக்க ஒரு பக்கம்தான் இருக்கிறது.

கம்பி அடியில் இருந்தாலும் சென்ட்ரிங் பலகையைத் தொடக்கூடாது. 40 எம்எம் கவர் பிளாக் வைத்தே ஆக வேண்டும். சாக்கடை வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிலாபை அடியிலிருந்துதான் அரிக்கிறது. கம்பியைத் தரையில் பரப்பிவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிற பழக்கத்துக்கு இங்கே இடமே கொடுக்காதீர்கள்.

பத்தடி வாசலுக்கு எம்25 கான்கிரீட் அரை கன மீட்டருக்குச் சற்று மேலே ஆகும். கம்பி 20 கிலோ, ஓரக் கம்பி சேர்த்தால் 24. பத்து நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லாரியை 28 நாளுக்குப் பிறகுதான் ஏற்றலாம்.

தூர் வார வசதியாகத் துண்டு துண்டாக வார்த்துப் போடலாமே என்று கேட்பார்கள். நியாயம்தான், ஆனால் அரை மீட்டர் துண்டு என்றால், பக்கத்துத் துண்டு தோள்கொடுக்காது. இரட்டை டயரின் 5 டன்னும் அந்த ஒன்றின் மேலேயே இறங்கும். ஒரு மீட்டருக்குச் சொன்ன ஐந்து கம்பியும் அந்த அரை மீட்டருக்குள்ளேயே வர வேண்டும், கனத்தையும் கூட்ட வேண்டும். ஏழு அங்குலத்திலேயே அந்தத் துண்டு 230 கிலோ. அதைவிட, வண்டி ஏறும் அகலம் முழுவதையும் ஒரே வார்ப்பாகப் போட்டு, கேட்டுக்கு வெளியே ஓரத்தில் ஒரு சின்ன மூடியைத் தனியாக வைப்பதுதான் என் யோசனை.

துண்டு சிலாபில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தூர் வாரியபின் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கள் தெருவில் விழுந்ததும் அப்படிப் புரட்டிப் போட்டதுதானோ என்று எனக்குச் சந்தேகம். ஈரம் காயுமுன் கரண்டி முனையால் மேற்பக்கத்தில் 'மேல்' என்று எழுதி வைத்தால் போதும்.

பழைய சிலாப் இருக்கிறவர்கள் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது செல்போன் டார்ச்சை அடியில் காட்டிப் பாருங்கள். வாய்க்காலுக்கு நடுவே அதன் போக்கிலேயே ஓடும் விரிசல், பழுப்புத் துருக்கோடு, பெயர்ந்து தொங்கும் சில்லு, இதில் ஒன்று தெரிந்தாலும் லாரியைத் தெருவிலேயே நிறுத்தி ஹோஸ் பைப்பை நீட்டச் சொல்லுங்கள்.