வாடகை முன்பணம் வருமானமா, கடனா?

சென்னையில் ஒரு வீட்டுக்கு மாத வாடகை 20,000 ரூபாய். ஜனவரியில் குடிவருபவர் அட்வான்ஸாக ஒரு லட்சம் தருகிறார். மூன்று மாத வாடகையோடு, ஏப்ரல் வாடகையையும் மார்ச்சிலேயே செலுத்திவிடுகிறார். மார்ச் 31 வரை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் விழுந்தது 1,80,000 ரூபாய்.

இதில் அந்த ஆண்டின் வாடகை வருமானம் 60,000 மட்டுமே. வங்கி வரவு முழுவதையும் வருமானமாக எழுதுவதே பலர் செய்யும் தவறு. திருப்பித் தர வேண்டிய ஒரு லட்சம், கணக்கில் உரிமையாளரின் பொறுப்பு, அதாவது கடன்; அதற்கு வருமான வரி இல்லை. அதை வங்கியில் போட்டுக் கிடைக்கும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. ஏப்ரல் வாடகையும் மார்ச் இறுதியில் பொறுப்பாகவே நிற்கும்; அடுத்த ஆண்டில்தான் அது வருமானம்.

குடியிருப்பவர் கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொன்னால் நிலைமை மாறுகிறது. புதிதாகப் பணம் வராவிட்டாலும் அந்த 40,000 ரூபாய் வாடகை வருமானமே. இதைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மீதி 60,000 ரூபாயைத் திருப்பித் தரும்போது அது செலவாகாது, கடன் தீர்கிறது, அவ்வளவுதான்.