பழைய வீட்டு ஓனருக்கு ஒரு போன்: என்ன கேட்டால் உண்மை தெரியும்?

மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. டு-லெட் போர்டு மாட்டிய இரண்டாம் நாளே ஒருவர் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்கிறார். அட்வான்ஸ் தரவும் தயார். ஆள் பார்க்க நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் வாடகையை நம்பி குடும்பம் நடத்துபவர்களுக்கு அது மட்டும் போதாது. அதனால் பலரும் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளருக்கு ஒரு போன் போடுகிறார்கள். "ஆள் எப்படிங்க?" என்று கேட்கிறார்கள். "நல்ல மனுஷன்தாங்க" என்று பதில் வருகிறது. போனை வைத்த பிறகு யோசித்தால், புதிதாக ஒன்றுமே தெரிந்திருக்காது.

கேட்ட விதம்தான் இதற்குக் காரணம். ஒருவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால் யாரும் மரியாதைக்கு நல்லதாகத்தான் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால், தேதியும் தொகையுமாகப் பதில் வரும். அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

யாருக்குப் போன் செய்வது?

இப்போது குடியிருக்கும் வீட்டின் ஓனரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வாடகை சரியாகத் தராத ஒருவரை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று நினைக்கும் ஓனர், "தங்கமான பையன், தாராளமா வீடு குடுங்க" என்றுதான் சொல்வார். நல்ல குடித்தனக்காரரை விட மனசில்லாத ஓனர் வேறு மாதிரியும் பேசலாம். இருவருக்கும் இதில் ஒரு லாப நஷ்டக் கணக்கு இருக்கிறது. அதற்கு முந்தைய வீட்டு ஓனருக்கு அது இல்லை. கணக்கு முடிந்து, அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்து, விஷயம் தீர்ந்துவிட்டது. அவரிடம்தான் உள்ளதை உள்ளபடி கேட்க முடியும்.

முதலில் வீடு கேட்டு வந்தவரிடமே, "உங்க பழைய ஓனர்கிட்ட பேசலாமா?" என்று அனுமதி கேட்டு எண்ணை வாங்குங்கள். எத்தனை மாதம் இருந்தார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். பழைய ஒப்பந்தத்தின் நகல் இருந்தால் அதில் உள்ள உரிமையாளர் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் அந்தத் தொகைகளை நீங்களாகச் சொல்லிவிடக் கூடாது. "எட்டாயிரத்து ஐந்நூறு வாடகைதானே சார்?" என்றால், ஓனர் போலப் பேசும் நண்பரும் "ஆமா" என்றுதான் சொல்வார். "வாடகை எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேளுங்கள். காலி செய்த மாதம் ஒன்றிரண்டு முன்னே பின்னே மறந்து போகலாம், அது இயல்பு. வாங்கிய வாடகையும் அட்வான்ஸும் உண்மையான ஓனருக்கு அவ்வளவு எளிதில் மறக்காது.

ஒரு உதாரணம்

மதுரையில் மாடியை வாடகைக்கு விடும் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். வீடு கேட்டு வந்தவர் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். இப்போதைய வீட்டில் 8 மாதம், அதற்கு முன் வேறொரு வீட்டில் 2 வருடம். அந்த முந்தைய வீட்டு ஓனருக்கு அம்மா போன் செய்கிறார்.

"வணக்கம் சார். உங்க வீட்ல குடியிருந்தவர் எங்க மாடிக்கு வாடகைக்குக் கேட்டு வந்திருக்கார். அவர்தான் உங்க நம்பர் குடுத்தார். அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்கம்மா."

"எத்தனை நாள் இருந்தாங்க சார்? வாடகை எவ்வளவு?"

"ரெண்டு வருஷம் இருந்தாங்க. எட்டாயிரத்து ஐந்நூறு."

குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறது. அடுத்த கேள்வி: "மாசம் எத்தனாம் தேதி வாடகை வரும்? தள்ளிப்போனது உண்டா?"

"அஞ்சாம் தேதி பேச்சு. நாலஞ்சு மாசம் பத்து தேதிக்கு மேல ஆயிருச்சு."

"தாமதமாகும்னு அவங்களே முன்னாடி சொல்வாங்களா, நீங்க கேட்கணுமா?"

"அவரே போன் பண்ணிச் சொல்லிருவாரு. சம்பளமே ஏழாம் தேதிதான் வரும்பாரு."

தாமதம் என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு அம்மா நிறுத்தியிருந்தால், தவறான முடிவுக்கு வந்திருப்பார். பணம் தாமதமாவதும், போனை எடுக்காமல் இருப்பதும் ஒன்றல்ல.

அட்வான்ஸ் கணக்கைக் கேளுங்கள்

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "அட்வான்ஸ்ல எவ்வளவு திருப்பிக் குடுத்தீங்க, எதுக்கெல்லாம் கழிச்சீங்க?" குடியிருந்த காலம் முழுவதும் நடந்தது அந்தக் கணக்கில் வந்துவிடும்.

"ஐம்பதாயிரம் வாங்கியிருந்தேன். முப்பத்தோராயிரம் திருப்பிக் குடுத்தேன்" என்கிறார் ஓனர். 19,000 ரூபாய் பிடித்தம் என்றதும் அம்மாவுக்குப் பகீர் என்கிறது. ஆனாலும் எதற்கு என்று கேட்கிறார். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை 8,500. அது நம் ஊரில் பல வீடுகளில் வழக்கமாகக் கழிப்பதுதான், குடித்தனக்காரர் மீது குறை இல்லை. கடைசி மாத வாடகை 8,500. அதை ஒரு மாதம் முன்பே சொல்லி அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னாராம். மீதி 2,000 ரூபாய் கரன்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், காலி செய்த பிறகு வந்த பில் அது. ஆக உடைப்பு, சேதம், சொல்லாமல் நிறுத்திய வாடகை எதுவும் இல்லை.

இதே 19,000 ரூபாயில் உடைந்த கதவும், மூன்று மாதப் பாக்கியும் இருந்திருந்தால் கதையே வேறு. தொகையைவிடக் காரணம் முக்கியம்.

சண்டை, சச்சரவு பற்றிக் கேட்கும்போதும் இப்படித்தான். "ஏதாவது பிரச்னை பண்ணாங்களா?" என்பதற்குப் பதில், "அக்கம்பக்கத்துல யாராவது புகார் சொன்னாங்களா? நீங்க சொன்ன பிறகு நின்னுச்சா?" என்று கேளுங்கள். கடைசியாக, "திரும்பி வந்தா வீடு குடுப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருங்கள். உடனே "குடுப்பேன்" என்றால் ஒன்று. இழுத்து, "பார்க்கலாம்மா" என்றால், "ஏன் சார், என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுங்கள்.

கேட்கக் கூடாதவை

சாதி, மதம், என்ன சாப்பிடுவார்கள், வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் இந்தப் போனில் வேண்டாம். வாடகை வருமா, வீடு பத்திரமாக இருக்குமா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

பழைய ஓனர் சொல்வது ஒரு பக்கம் மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும். ஒழுகும் கூரையைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டவரைக்கூட "சண்டைக்காரர்" என்று சொல்பவர்கள் உண்டு. குறையாக ஏதாவது காதில் விழுந்தால், முடிவெடுக்கும் முன் வீடு கேட்டவரிடமும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வாட்ஸ்அப் செய்தியிலோ, பணம் அனுப்பிய விவரத்திலோ சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

அந்த அம்மா வீடு கொடுத்தார். ஆனால் ஒப்பந்தத்தில் வாடகைத் தேதியை 5 என்று போடாமல், சம்பளம் வரும் நாளைப் பார்த்து 10 என்று போட்டார். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாமா, பெயின்டுக்கு எவ்வளவு, கடைசி கரன்ட் பில் யார் கட்டுவது என்பதையும் எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடப் போனில் தெரிந்ததெல்லாம் ஒப்பந்தத்தில் வரிகளாகிவிட்டன. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்துப்பூர்வமாகப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.