இரண்டு கடன் பத்திரங்களும் ஒரு கழித்தலும்: வட்டி ஸ்வாப்புக்கு விலை போடும் கணக்கு

எரியோடு, வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைய. சீசனில் பஞ்சு வாங்கி இருப்பு வைக்கவும், பழைய மெஷினை மாற்றவும் எல்லா மில்லுக்கும் வங்கிக் கடன் தேவைப்படுகிறது. அந்தக் கடனின் வட்டி இப்போது பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரும் மாறும் வட்டிக் கடன்களை வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்ற விதி 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடுத்தர நிறுவனங்களும் அதில் சேர்ந்தன.

இதன் விளைவு 2022இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குப் போனது. 10 கோடி ரூபாய் கடன் வைத்திருக்கும் மில்லுக்கு இந்த 2.5 சதவீத ஏற்றம் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. நூல் விலை அதற்கேற்ப ஏறுவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்க உள்ள வழிகளில் ஒன்றுதான் வட்டி விகித ஸ்வாப். இந்தியாவில் இதற்கு ரிசர்வ் வங்கி 1999 ஜூலையில் அனுமதி அளித்தது.

ஸ்வாப் என்பது இரண்டு பேர் வட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம். மில் நிலையான வட்டி கட்டும். வங்கி மாறும் வட்டி கொடுக்கும். அசல் கை மாறாது. ‘10 கோடிக்கு’ என்று காகிதத்தில் எழுதுவது வட்டியைக் கணக்கிடத்தான். ரூபாய் ஸ்வாப்புகளில் மாறும் வட்டிக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது மைபார். வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓர் இரவுக்குக் கடன் கொடுக்கும் விகிதம் அது. தினமும் வெளியாகும் அந்த விகிதத்தைக் கூட்டுவட்டியாகச் சேர்த்துக்கொண்டே போய், தவணை நாளில் கணக்குத் தீர்ப்பார்கள்.

ஒப்பந்தம் போடும் நாளில் ஸ்வாப்பின் மதிப்பு பூஜ்யம். இரு தரப்புக்கும் சரிசமமாக இருக்கும்படிதான் நிலையான வட்டியை நிர்ணயிக்கிறார்கள். சிக்கல் பிறகு வருகிறது. மூன்றாண்டு ஸ்வாப் போட்டு ஓராண்டு கழித்து மில் முதலாளி கடனை முன்கூட்டியே அடைக்க நினைக்கிறார். ஸ்வாப்பையும் முடிக்க வேண்டும். வங்கி ஒரு தொகை கேட்கிறது. அது நியாயமான தொகையா? இனி வரப்போகும் இரண்டாண்டு மைபார் யாருக்கும் தெரியாது. தெரியாத வட்டிகளை வைத்து எப்படி விலை சொல்வது?

அசலைச் சேர்த்தால் கணக்கு எளிது

வழி இருக்கிறது. காகிதத்தில் மட்டும் உள்ள அந்த 10 கோடியை, கடைசி நாளில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல்லை வைத்தால் முள் நகராது. அதுபோல ஸ்வாப்பின் மதிப்பும் மாறாது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் இப்போது முழுமையான ஒரு கடன் பத்திரமாகிவிடுகிறது. மில் கட்டும் பக்கம் ஆண்டுதோறும் நிலையான வட்டியும் முடிவில் அசலும் தரும் பத்திரம். மில் வாங்கும் பக்கம் மாறும் வட்டியும் முடிவில் அசலும் தரும் பத்திரம். மாறும் வட்டிப் பத்திரத்தின் விலையிலிருந்து நிலையான வட்டிப் பத்திரத்தின் விலையைக் கழித்தால் மில்லின் பார்வையில் ஸ்வாப்பின் மதிப்பு கிடைத்துவிடும்.

நிலையான பத்திரத்துக்கு விலை போடுவதில் புதிர் இல்லை. எந்த நாளில் எவ்வளவு பணம் என்று முன்பே தெரியும். ஒவ்வொரு தொகையையும் அந்தந்தக் காலத்துக்கான இன்றைய வட்டியால் வகுத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் போதும்.

மாறும் பத்திரம்தான் கடினம் போலத் தோன்றும். உண்மையில் அது இன்னும் எளிது. ஒருவர் கையில் 1,000 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதை ஓர் இரவுக்கு மைபார் வட்டியில் கொடுக்கிறார். மறுநாள் வட்டியோடு வந்த பணத்தை மறுபடி கொடுக்கிறார். தவணை நாளில் சேர்ந்த வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு 1,000 லட்சத்தைத் திரும்பச் சுழற்சியில் விடுகிறார். முடிவில் அசல் கையில் இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது அப்படியே மாறும் வட்டிப் பத்திரம் தரும் பணம். இதைச் செய்ய இன்று அவருக்குத் தேவைப்பட்டது 1,000 லட்சம். அப்படியானால் அந்தப் பத்திரத்தின் இன்றைய விலையும் 1,000 லட்சம்தான். மைபார் நாளை 3 சதவீதமானாலும் 9 சதவீதமானாலும் இந்த விடை மாறாது. வருங்கால வட்டியை ஊகிக்க வேண்டிய தேவையே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

எண்களோடு ஒரு கணக்கு

எரியோடு பக்கத்தில் ஒரு மில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ரெப்போ 6.5 சதவீதமாக இருந்த 2024 ஜூனில் 10 கோடிக்கு மூன்றாண்டு ஸ்வாப் போடுகிறது. கட்டும் நிலையான வட்டி 6.5 சதவீதம். நடைமுறையில் இத்தகைய நீண்ட கால ஸ்வாப்புகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தவணை வரும். கணக்கு சுருக்கமாக இருக்க ஆண்டுக்கு ஒரு தவணை என்று கொள்வோம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போவை 5.5 சதவீதத்துக்குக் குறைத்தது. அந்த மாதம் முதல் தவணை தீர்ந்த நாளில், சந்தையில் ஓராண்டுக்கான வட்டி 5.5 சதவீதம், இரண்டாண்டுக்கான வட்டி 5.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

மில் இன்னும் கட்ட வேண்டியது: ஓராண்டில் 65 லட்சம், இரண்டாண்டில் 65 லட்சமும் பாவனை அசல் 1,000 லட்சமும்.

```
65 / 1.055        =    61.61
1065 / (1.056)^2  =   955.04
நிலையான பத்திரம்  =  1016.65 லட்சம்
மாறும் பத்திரம்   =  1000.00 லட்சம்
மில்லுக்கு மதிப்பு =   -16.65 லட்சம்
```

மில் இன்று வெளியேற வேண்டுமானால் 16.65 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். இது சரிதானா என்று இன்னொரு வழியில் பார்க்கலாம். இன்றைய நிலவரத்தில் புதிதாக இரண்டாண்டு ஸ்வாப் போட்டால் நிலையான வட்டி 5.597 சதவீதம் வரும். மில் ஒப்புக்கொண்டதோ 6.5. இந்த 0.903 சதவீத வித்தியாசம் ஆண்டுக்கு 9.03 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்கான அந்தத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அதே 16.65 லட்சம் வருகிறது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்காவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

இந்த 16.65 லட்சத்தை நஷ்டம் என்று மட்டும் படிக்கக் கூடாது. மில்லின் கடன் வட்டி ரெப்போவுக்கு மேல் 3 சதவீதம் என்றால், ஸ்வாப் போட்ட நாளில் அது சுமார் 9.5 சதவீதத்துக்குப் பூட்டப்பட்டது. இன்று கடனுக்கு 8.5 சதவீதம், ஸ்வாப்பில் சுமார் 1 சதவீதம் என்று இன்னும் அதே 9.5தான் கட்டுகிறது. வாங்கிய பாதுகாப்பு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பாதியில் கைவிட்டால்தான் 16.65 லட்சம் கையை விட்டுப் போகும்.

தடுமாறும் இடங்கள்

முதல் தவறு, தவணைக்கு நடுவில் கணக்குப் போடும்போது நேர்வது. மூன்று மாதம் கழித்து, வட்டி நிலவரம் அப்படியே இருக்கும்போது நிலையான பத்திரத்தின் விலை 1,030.58 லட்சம் ஆகியிருக்கும். தவணை நெருங்க நெருங்க விலை ஏறும். மாறும் பக்கத்தை இன்னும் 1,000 என்றே எழுதினால் மில் 30.58 லட்சம் கொடுக்க வேண்டியதாகத் தெரியும். ஆனால் மாறும் பக்கத்திலும் மூன்று மாத வட்டியாக 13.48 லட்சம் சேர்ந்திருக்கிறது. அதன் விலை 1,013.48. சரியான வித்தியாசம் 17.10 லட்சம். மாறும் பத்திரத்தின் விலை அசலுக்குச் சமமாக நிற்பது தவணை தீர்ந்த அன்று மட்டும். மற்ற நாட்களில் சேர்ந்த வட்டியையும் கூட்ட வேண்டும். வட்டி அசையாதபோது ஸ்வாப்பின் மதிப்பு மட்டும் பல லட்சம் தாவினால் இந்தத் தவறாக இருக்கலாம்.

இரண்டாவது, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர மில்லின் சொந்தக் கடன் வட்டியைப் பயன்படுத்துவது. நிலையான பத்திரத்தை 9 சதவீதத்தில் வகுத்தால் விலை 956.02 லட்சம் வரும்; மாறும் பத்திரத்தை 1,000 என்றே விட்டால் மில்லுக்கு ஏறக்குறைய 44 லட்சம் லாபம் என்று காட்டும். வட்டி இறங்கியபோது நிலையான வட்டி கட்டுபவருக்கு லாபம் வர வழியே இல்லை. மாறும் பத்திரத்தின் விலை அசலுக்குச் சமம் என்ற விதி, வட்டி சேரும் விகிதமும் வகுக்கும் விகிதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் பொருந்தும். கடன் வட்டியில் உள்ள அந்த 3 சதவீதக் கூடுதலை ஸ்வாப்பின் இரு பக்கத்திலும் சேர்க்கக் கூடாது.

பெரிய வங்கிகளே இந்த விதியின் எல்லையில் இடறியிருக்கின்றன. உலகம் முழுக்க ஸ்வாப்புகள் லண்டனின் லைபார் விகிதத்தில் ஓடிய காலத்தில், அதே லைபாரால்தான் வகுத்தும் வந்தார்கள். 2008 அக்டோபரில் டாலரின் மூன்று மாத லைபாருக்கும் ஓர் இரவு வட்டி அடிப்படையிலான விகிதத்துக்கும் இடைவெளி 3.5 சதவீதப் புள்ளிக்கு மேல் விரிந்தது. எதால் வகுப்பது என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையானது. அதன்பின் வகுப்பதற்கு ஓர் இரவு விகிதங்களுக்கு மாறினார்கள். வங்கிகள் தந்த விவரங்களை வைத்துக் கணக்கிட்ட டாலர் லைபார் 2023 ஜூன் 30 வரை வெளிவந்தது. மைபார் ஸ்வாப்பில் சேருவதும் வகுப்பதும் ஓர் இரவு வட்டியே என்பதால் இரு பத்திரக் கணக்கு அங்கே நன்றாகப் பொருந்துகிறது.

ஓர் இடைவெளி மிஞ்சும். கடன் ஓடுவது ரெப்போவில், ஸ்வாப் ஓடுவது மைபாரில். இரண்டும் நெருங்கியே நடந்தாலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த அளவுக்கு மில்லின் பாதுகாப்பில் ஓட்டை உண்டு.

இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீதிமன்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. அது வட்டி ஸ்வாப் அல்ல. சுவிஸ் பிராங்க் தொடர்பான கரன்சி ஒப்பந்தம். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒப்பந்தங்கள் சூதாட்டம் என்று கூறிச் செல்லாததாக்க மறுத்தது. 2006இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 45வி பிரிவும் இவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பி இறங்கக் கூடாது.

ஆகவே ஸ்வாப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தவணை நாளிலும் கணக்காளரை உட்காரவைத்து இரண்டு பத்திரங்களுக்கும் விலை போட்டுப் பார்க்க வேண்டும். வெளியேறும் தொகையை வங்கி சொல்லும்போது, எந்தக் காலத்துக்கு எந்த வட்டியால் வகுத்தீர்கள், இதுவரை சேர்ந்த மாறும் வட்டி எவ்வளவு, உங்கள் மார்ஜின் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முதல் இரண்டு எண்களும் கிடைத்தால் நியாய விலை உங்களுக்கே தெரியும். மார்ஜின் மட்டும்தான் பேரத்துக்கு உரியது.